கோத்த அட்டையும் கோக்காத அட்டையும்

அன்புள்ள ஐயா,

ஜக்கார்டு தறியின் துளையட்டைதான் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பல இடங்களில் படிக்கிறேன். துளை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது என்பதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு துளை எப்படி நூலைத் தூக்கும்? ஆயிரக்கணக்கான துளைகளில் ஒன்று தப்பானால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தறியிலிருந்து கணிப்பொறிக்கு உண்மையில் போனது என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துளை எதையும் தூக்குவதில்லை. தறியில் நெடுக்கே ஓடும் பாவு நூல்கள் எல்லாமே எழுவதற்குத் தயாராகவே நிற்கின்றன. துளையில்லாத இடத்தில் உள்ள வெறும் அட்டைதான் சில நூல்களை எழவிடாமல் தள்ளி வைக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது எளிது.

தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குள் செங்குத்தான கம்பிக் கொக்கிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கொக்கியின் அடியிலிருந்தும் கயிறு இறங்கி, பாவு நூல் நுழைந்திருக்கும் கண்ணில் போய் முடியும். கண்ணுக்குக் கீழே ஒரு சிறு கனம் தொங்கும். தூக்கிய நூலைத் திரும்ப இறக்குவது அந்தக் கனம்தான். கொக்கியின் மேல் வளைவுக்குக் கீழே கத்தி என்று சொல்லும் இரும்புப் பட்டை இருக்கிறது. நெசவாளி மிதியை அழுத்தினால் கத்திகள் எல்லாம் ஒன்றாக மேலே போகும். கத்திமேல் நிற்கும் கொக்கி கூடவே போகும், தன் நூலையும் இழுத்துக்கொண்டு.

கொக்கியைக் கத்திமேல் நிற்கவிடுவதா, ஒதுக்குவதா என்பதைக் கிடைமட்டமான ஓர் ஊசி முடிவு செய்கிறது. ஊசியின் நடுவில் ஒரு வளையம் உண்டு, கொக்கி அதன் வழியாகப் போகிறது. ஊசியின் பின்முனையை ஒரு ஸ்பிரிங் தாங்கியிருக்கும். முன்முனை பெட்டிக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைகளுக்கு எதிரே நான்கு பக்கமுள்ள ஒரு கட்டை. தறிக்காரர்கள் அதை உருளை என்பார்கள், ஆனால் அது சதுரம். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லா ஊசிக்கும் ஒரு குழி உண்டு. அட்டை அந்தப் பக்கத்தின்மேல் படிந்திருக்கும். உருளை ஊசிகளின்மேல் வந்து அழுத்தும்போது, துளைக்கு நேரே உள்ள ஊசி துளை வழியாகக் குழிக்குள் போய்விடும். அதன் கொக்கி அசையாது, எழும். துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளும், கொக்கி சாய்ந்து கத்தியை விட்டு விலகும், கத்தி அதைத் தொடாமல் மேலே போய்விடும். எழுந்த நூல்களுக்கும் எழாத நூல்களுக்கும் நடுவே பிறந்த வாயில், குறுக்கு நூலான ஊடையை ஏந்திய நாடா ஒருமுறை ஓடும். கத்திகள் இறங்கும், உருளை விலகி ஒரு கால் சுற்றுத் திரும்பும், அடுத்த அட்டை எதிரே வரும். ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. கணக்கு அவ்வளவுதான்.

இது ஜோசப் மரி ஜக்கார்டின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. பிரான்ஸின் லியோன் நகரத்தில் பூஷோன் 1725இல் துளையிட்ட காகிதச் சுருளை வைத்துப் பார்த்தார். ஃபால்கோன் 1728இல் சுருளை விட்டுவிட்டுத் தனித்தனி அட்டைகளை நூலால் கோத்தார். வோகான்சோன் 1745இல் பொறியைத் தறியின் தலைமேல் ஏற்றி, கயிறு இழுக்கும் ஆள் இல்லாமலே ஓட வைக்க முயன்றார். ஜக்கார்ட் 1804 வாக்கில் இவை மூன்றையும் சேர்த்து, ஒரே நெசவாளி ஓட்டக்கூடிய தறியாக்கினார். அதற்கு முன்பு பூ வேலைத் தறி ஒவ்வொன்றிலும் நெசவாளி தவிர, கயிறுகளை வரிசை தப்பாமல் இழுக்க இன்னொருவர் வேண்டியிருந்தது. பெரும்பாலும் ஒரு பிள்ளை. நம் காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வருமுன் இருந்த அடை முறையும் இந்த இனம்தான், வடிவத்தைக் கயிற்றில் கட்டி வைத்துக் கையால் இழுப்பது.

அட்டை அடிப்பதைப் பார்த்தால்தான் தப்பு எங்கே நுழைகிறது என்பது தெரியும். முதலில் கட்டம் போட்ட தாளில் பூவை வரைகிறார்கள். நெடுக்கே ஒரு கட்ட வரிசை ஒரு கொக்கி, குறுக்கே ஒரு வரிசை ஓர் ஊடை. வண்ணம் பூசிய கட்டம் துளை. இங்கே ஓவியனும் நெசவாளியும் பிரியும் இடம் ஒன்று உண்டு. பூ இல்லாத வெற்றிடத்தை ஓவியன் வெறுமனே விட்டுவிடலாம். தறியில் விட்டால் ஊடை நூறு பாவைத் தாண்டி எங்கும் பிடிபடாமல் தொங்கும், நகம் பட்டாலே இழுபடும். ஆகவே வெற்றிடத்திலும் சீரான இடைவெளியில் பிடிப்புப் புள்ளிகளைப் பூசியாக வேண்டும். அட்டையில் நீங்கள் பார்க்கும் துளைகள் எல்லாம் பூவுக்கானவை அல்ல, பல துணி துணியாக நிற்பதற்கானவை.

ஓர் உதாரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 400 கொக்கிப் பெட்டி, பாவில் 2,400 நூல். ஒரு கொக்கியில் 6 கயிறுகளைக் கட்டினால் பூ அகலவாட்டில் 6 தடவை வரும். சென்டிமீட்டருக்கு 40 ஊடை என்றும், பூவின் உயரம் 20 செ.மீ. என்றும் வைத்தால் 800 அட்டை வேண்டும். அட்டையில் துளைக்கான இடங்கள் எட்டு எட்டாக 50 வரிசை. பியானோக் கட்டை போன்ற அடிப்பு மிஷினில் விரல்களால் எட்டில் எவை என்று தேர்ந்து, காலால் ஒரு மிதி. அட்டைக்கு 50 மிதி, 800 அட்டைக்கு 40,000 மிதி. இத்தனை மிதியில் ஒரு விரல் தவறாமல் இருக்குமா? தவறும். பிறகு அட்டைகளை எண்வரிசையில் கோத்து, கடைசியை முதலோடு முடிந்து வளையமாக்குவார்கள்.

எங்கே தப்பு என்பதைத் துணியே காட்டிக்கொடுக்கும். ஓர் அட்டையில் ஒரு துளை விடுபட்டிருந்தால், ஒரே ஊடையில் குறுக்கே 6 இடத்தில் தப்பு வரும். பிறகு 20 செ.மீ. சுத்தமாக ஓடி, மறுபடி அதே 6 இடத்தில் வரும். அந்த இடைவெளியைப் பார்த்ததும் அட்டையில்தான் குற்றம் என்று அடித்துச் சொல்லலாம். விடுபட்ட துளையைக் கையால் அடித்துக்கொள்ளலாம், கூடுதல் துளையின்மேல் காகிதத் துண்டை ஒட்டிவிடலாம். இரண்டு அட்டைகள் இடம் மாறிக் கோக்கப்பட்டிருந்தால் புள்ளிகளாக வராது, பூவின் ஓரம் முழு அகலத்துக்கும் ஒரு பல் முறிந்தது போலத் தெரியும்.

தப்பு நெடுக்கே கோடாக இறங்கினால் அட்டையைத் தேட வேண்டாம். 6 கோடு என்றால் ஓர் ஊசி வளைந்திருக்கிறது அல்லது கொக்கி சிக்கியிருக்கிறது. ஒரே கோடு என்றால் பெட்டியையும் திறக்க வேண்டாம், கீழே ஒரு கயிறோ நூலோ அறுந்திருக்கும். எந்த ஒழுங்கும் இல்லாமல், இன்று இங்கே நாளை அங்கே என்று சிதறி வருவதுதான் தலைவலி. அது பெரும்பாலும் ஈரம். அட்டை ஊதி, துளைகள் ஊசிக்கு நேர் இல்லாமல் நகர்ந்துவிடும். துளையின் விளிம்பு ஊசியைப் பாதி தள்ளும், கொக்கி பாதி சாயும், ஒரு மிதியில் கத்தியில் மாட்டும், மறு மிதியில் நழுவும். உருளையில் அட்டையை நிறுத்தும் முளைகள் தேய்ந்துபோனாலும் இதே கதைதான்.

இனி கணிப்பொறி. தறியில் எந்தக் கணக்கும் நடப்பதில்லை. நாம் எடுத்த பூவில் 400ஐ 800ஆல் பெருக்கினால் வரும் 3,20,000 ‘உண்டு, இல்லை’களும் முன்பே எழுதப்பட்டவை. தறி அவற்றை வாசிக்கிறது. நெய்து வரும் துணியைப் பார்த்து அடுத்த அட்டையை அது மாற்றிக்கொள்ளாது. அதனால் அதைக் கணிப்பொறி என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 1839இல் லியோனில் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள், அதற்கு 24,000 அட்டைகள். ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்ல்ஸ் பாபேஜிடம் அதில் ஒரு பிரதி இருந்தது. 1836இலேயே அவர் தான் வகுத்துக்கொண்டிருந்த கணக்குப் பொறியான பகுப்பாய்வு எந்திரத்தை ஓட்ட, முளை பதித்த உருளைகளுக்குப் பதிலாக ஜக்கார்டு அட்டைகளை எடுத்துக்கொண்டிருந்தார். காரணம் நடைமுறையானது. முளை உருளைக்கு அதன் சுற்றளவே எல்லை, அட்டைச் சரத்தை வேண்டிய மட்டும் நீட்டலாம்.

ஆனால் தறியின் சரம் அவருக்குப் போதவில்லை, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. தறியில் சரம் ஒரே திசையில் சுற்றும். ஒரு கரை ஐம்பது தடவை வந்து பிறகு பூ வரவேண்டுமென்றால், கரையின் அட்டைகளை ஐம்பது தடவை அடித்துக் கோக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் நிறுத்திக் கையால் பின்னே சுற்ற வேண்டும். கணக்கிலோ ஒரே பெருக்கலும் கழித்தலும் நூறு தடவை திரும்ப வரும். பாபேஜ் அட்டைக் கூட்டத்தை எந்திரமே பின்னோக்கிச் சுற்றும்படி வகுத்தார். அந்த எந்திரத்தைப் பற்றி அடா லவ்லேஸ் என்ற பெண்மணி 1843இல் எழுதிய குறிப்புகளில், நெசவில் உள்ளபடி அட்டைகளைப் பயன்படுத்தியது போதிய வலிமை தரவில்லை, அதனால்தான் இந்தப் பின்சுற்று வந்தது என்று தெளிவாகவே சொல்கிறார். தறி கொடுத்தது சரத்தை. திரும்பச் செய்வதையும், விடையைப் பார்த்து வழி மாறுவதையும் பாபேஜ் சேர்த்தார். அந்த எந்திரம் கட்டி முடிக்கப்படவில்லை.

அட்டையை அமெரிக்காவில் வேலைக்கு வைத்தவர் ஹெர்மன் ஹோலரித். மக்கள்தொகைக் கணக்குக்கு அவர் முதலில் துளையிட்ட காகித நாடாவைத்தான் நினைத்தார். அதில் கோத்த அட்டைக்கு உள்ள அதே தடை. ஒரு ஆளின் விவரம் நாடாவின் நடுவில் மாட்டிக்கொண்டால், அதை மட்டும் எடுத்து வேறு கூட்டத்தில் வைக்க முடியாது. நெசவுக்கு வரிசை மாறக் கூடாது, கணக்கெடுப்புக்கோ வரிசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வயதுவாரியாக ஒருமுறை, தொழில்வாரியாக மறுமுறை. ஆகவே அவர் ஆளுக்கு ஓர் அட்டை என்று வைத்து, கோக்காமல் விட்டார்.

1890 கணக்கெடுப்பில் அந்த அட்டைகள் வாசிப்புப் பெட்டியில் ஒவ்வொன்றாக வைக்கப்பட்டன. கைப்பிடியை இறக்கினால் ஸ்பிரிங் தாங்கிய ஊசிகள் அட்டைமேல் இறங்கும். துளையில்லாத இடத்தில் ஊசி பின்வாங்கும், துளையில் இறங்கி அடியில் உள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும். மின்சாரம் ஓடி, அந்த விவரத்துக்கான முகப்பில் முள் ஒரு படி நகரும். லியோன் தறியின் ஊசி செய்த அதே சோதனை, நூலுக்குப் பதில் மின்சாரம். அட்டை சரியாக வாசிக்கப்பட்டால் மணி அடிக்கும், அடிக்காவிட்டால் அந்த அட்டையைத் தனியே எடுத்து வைப்பார்கள். பிரித்து அடுக்கிய கட்டுகளைச் சரிபார்க்க அவர்கள் மிஷினையே தேடவில்லை. கட்டைத் தட்டி நேராக்கி, எல்லா அட்டையிலும் இருக்க வேண்டிய துளையில் ஒரு கம்பியை விடுவார்கள். கம்பி எங்கே நிற்கிறதோ, அந்த அட்டை வேறு கட்டைச் சேர்ந்தது.