எழுத்துப் பிழை தீர்ந்த பின் எண்களைச் சரவை பார்த்தல்: கேள்வி பதில்

கூட்டுறவுச் சங்கச் செயலாளர், சுன்னாகம்: ஐயா, எங்கள் ஆண்டறிக்கையில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஐந்தொகையின் கூட்டுத்தொகையும் சரியாக வருகிறது. இனி அச்சுக்குக் கொடுக்கலாம்தானே?

இன்னும் கொடுக்க வேண்டாம். கூட்டுத்தொகை சரியாக வந்தால் அந்த ஒரு பக்கம் தனக்குள் ஒத்துப்போகிறது என்று மட்டுமே சொல்லலாம். ஆண்டறிக்கையில் ஒரே தொகை ஐந்தொகையிலும், அதற்குரிய குறிப்பிலும், தலைவர் உரையிலும் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஐந்தொகையை மூலமாகக் கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு தொகையும் வேறு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் சென்று ஒப்பிட்டு, ஒத்த இடத்தில் பென்சிலால் குறியிட்டுக்கொண்டு போக வேண்டும். நீங்கள் அனுப்பிய சரவையில் கடன்கள் 48,612, நிலையான வைப்பு 12,370, சரக்கிருப்பு 3,945, காசு 1,408, மொத்தம் 66,335 என்று ஆயிரம் ரூபாவில் தரப்பட்டுள்ளன, கூட்டல் சரி. ஆனால் நிலையான வைப்புக்கான குறிப்பின் அடியில் 13,270 என்று இருக்கிறது. ஐந்தொகையை மட்டும் எத்தனை முறை கூட்டினாலும் இது அகப்படாது.

கணக்காளர், நல்லூர்: வித்தியாசம் 900, அது 9ஆல் வகுபடுகிறது. எனவே இலக்கங்கள் இடம் மாறிய பிழைதான். குறிப்பைத் திருத்திவிட்டால் முடிந்தது.

முதற்பாதி நல்ல ஊகம். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். இங்கே 2உம் 3உம் மாறியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. இருந்தாலும் 900 ஆயிரம் ரூபாவுக்கான ஒரு வைப்பு ஐந்தொகையில் விடுபட்டிருந்தாலும் இதே வித்தியாசம்தான் வரும். எது சரியான தொகை என்பதை வங்கியின் மீதி உறுதிப்படுத்தல் கடிதத்தைப் பார்த்தே சொல்ல முடியும். 13,270தான் சரியென்றால் ஐந்தொகையின் மொத்தமும் மாறும், மறுபக்கமும் அதனோடு மாற வேண்டும். ஆகவே சரவை பார்ப்பவர் தொகையைத் தாமாகத் திருத்தாமல், இரண்டு தொகைகளையும் அவற்றின் பக்க எண்களையும் ஓரத்தில் எழுதிக் கணக்காளரிடம் கேட்க வேண்டும்.

ஆசிரியை, மானிப்பாய்: எண்களோடு அலகையும் பார்க்க வேண்டும் என்பீர்களே, அலகைப் பார்ப்பது என்றால் ‘லட்சம்’ என்றா ‘இலட்சம்’ என்றா எழுதுவது என்று பார்ப்பதா?

அது எழுத்தைப் பற்றியது, அம்மா. அறிக்கை முழுவதும் ஒன்றையே பின்பற்றினால் போதும். நான் சொல்வது அந்தச் சொல் குறிக்கும் அளவை. மேலே சொன்ன அறிக்கையின் தலைவர் உரையில் கடன்கள் ‘48.6 இலட்சம்’ என்று இருந்தது. 48,612 ஆயிரம் ரூபா என்பது 48.6 மில்லியன், அதாவது 486 இலட்சம். சொல்லில் எழுத்துப் பிழை இல்லை, எண்ணும் பார்த்த எண்ணாகவே இருக்கிறது. ஆனால் தொகை பத்தில் ஒன்றாகிவிட்டது. பேச்சில் இலட்சமும் கணக்கில் மில்லியனும் புழங்கும் நம்மிடையே இந்தப் பிழைதான் அதிகம் தப்பிவிடுகிறது. அதனால் உரையில் வரும் ஒவ்வொரு தொகையையும் முழு ரூபாவில், சுழியங்களோடு, ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறேன்.

தட்டச்சாளர், கொக்குவில்: சென்ற ஆண்டுக் கோப்பில் முதலில் 2022 என்பதையெல்லாம் 2023 ஆகவும், பிறகு 2023 என்பதையெல்லாம் ஒரே தடவையில் 2024 ஆகவும் மாற்றினேன். இரண்டு நிரல்களுக்கும் 2024.03.31 என்ற தலைப்பு வந்துவிட்டது. இப்படி யாருக்கும் நேர்ந்ததா?

எனக்கும் நேர்ந்தது, தம்பி. தலைப்பு கண்ணில் பட்டுவிடும்; உள்ளே இருப்பதுதான் கவலை. 2024.03.31இல் முடிவடைந்த ஆண்டு 2023.04.01இல் தொடங்குகிறது, உங்கள் மாற்றத்தால் தொடக்கம் முடிவுக்குப் பின்னே போயிருக்கும். ஒவ்வொரு 2024ஐயும் தனித்தனியே தேடி, அது ஒப்பீட்டு ஆண்டா, தொடக்க நாளா, மாற்றியிருக்கக் கூடாத பழைய நாளா என்று தீர்மானியுங்கள். அத்துடன் சென்ற ஆண்டின் இறுதி மீதியே இவ்வாண்டின் தொடக்க மீதியாக வந்திருக்கிறதா என்பதையும், கணக்காய்வாளர் கையொப்பமிட்ட நாள் பணிப்பாளர் சபை கணக்குகளை அங்கீகரித்த நாளுக்கு முந்தியதாக இல்லையா என்பதையும் பாருங்கள்.

செயலாளர், சுன்னாகம்: வேறொரு குறிப்பில் வரிகளைக் கூட்டினால், அங்கே தந்துள்ள மொத்தத்தைவிட 1 குறைகிறது. அதையும் கேட்க வேண்டுமா?

முழு ரூபாவில் கூட்டிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால், ஒவ்வொரு வரியையும் ஆயிரத்துக்கு முழுமைப்படுத்தியதால் வந்த வித்தியாசம்தான் அது. ‘முழுமைப்படுத்தியதால் கூட்டுத்தொகையில் சிறு வித்தியாசம் வரலாம்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

கணக்காளர், நல்லூர்: நான் மிகப் பெரிய வரியில் அந்த 1ஐச் சேர்த்துவிடுவேன். பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்கள் கணிப்பானை எடுத்துக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

அப்படிச் செய்வோரும் உண்டு. ஆனால் அந்தப் பெரிய வரி வேறு இரண்டு பக்கங்களில் வந்தால், அங்கெல்லாம் அதே 1ஐச் சேர்க்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.