வலையில மாட்டுன ஆவுளியாவ மைக்ல எப்படிக் காட்டுறது?

கேள்வி: அண்ணே, நான் மண்டபம் பக்கம். எங்க பக்கம் ஆவுளியான்னு சொல்ற கடல் பசுவோட பாதுகாப்பு பத்தி மீனவ கிராமங்கள்ல மைக் புடிச்சுப் பேசுறேன். எழுதி வச்சத தடங்கல் இல்லாமத்தான் வாசிக்கிறேன், எல்லாரும் தலையாட்டுறாங்க. ஆனா முடிஞ்சப்புறம் என்ன சொன்னேன்னு கேட்டா யாருக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஒரு தடவை கேட்டாலே மனசுல நிக்கிற மாதிரி எப்படி எழுதணும்?

பதில்: தம்பி, நீங்க அனுப்புன பேச்சுல ஒரே ஒரு வரிய மட்டும் எடுத்துக்குறேன், அத சரி பண்ணுற வழி தெரிஞ்சா மிச்சத்த நீங்களே பண்ணிருவீங்க. "கடல்சார் சூழலியல் சமநிலையைப் பேணும் இந்த அரிய பாலூட்டியை மீனவ சமுதாயம் விழிப்புணர்வோடு பாதுகாத்திட வேண்டும்."

பேப்பர்ல படிச்சா இதுல தப்பே இல்ல. புரியலைன்னா படிக்கிறவரு திரும்ப மேல போய் பாத்துக்குவாரு. கேக்குறவருக்கு அந்த வசதி கெடையாது, "சமநிலை"ன்னா என்னன்னு அவரு யோசிக்கிறதுக்குள்ள நீங்க "விழிப்புணர்வு"க்குப் போயிருவீங்க, அப்புறம் அவரு உங்களத் தொரத்துறத விட்டுட்டு சும்மா தலையாட்ட ஆரம்பிச்சிருவாரு. ஆலன் பைவியோன்னு கனடாக்காரர் ஒரு உளவியல் அறிஞர் இதப் பத்தி நெறைய ஆராய்ச்சி பண்ணவரு. கண்ணால பாக்கக்கூடிய ஒண்ணோட பேர கேட்டா அது மனசுல சொல்லாவும் பதியும், படமாவும் பதியும், "சமநிலை" மாதிரி சொல்லு பெரும்பாலும் சொல்லா மட்டும்தான் பதியும், அதனாலதான் சீக்கிரம் போயிருதுன்னு சொன்னாரு.

இப்ப அந்த வரிக்கு வருவோம். "பாதுகாத்திட வேண்டும்"ங்கிறத எடுங்க. யாரு பாதுகாக்கணும், எங்க, எந்த நேரத்துல, கையால என்ன செய்யணும்? இந்த நாலுக்கும் பதில் எழுதிப் பாத்தா அந்தச் சொல்லே தேவைப்படாது. பாதுகாக்க வேண்டியவரு வள்ளத்துல நிக்கிறவரு, நேரம் வலைய வாங்குற நேரம், கையில இருக்குறது கத்தி. "பாலூட்டி"ங்கிற சொல்லுக்கும் இதே கதிதான். உயிரியல் பாடத்துல அது சரியான சொல்லு, ஆனா வலைக்காரருக்கு அதுல தெரிய வேண்டிய விஷயம் ஒண்ணே ஒண்ணு, இது மீன் மாதிரி தண்ணிக்குள்ள மூச்சு விடாது, மேல வந்தாத்தான் மூச்சு. அப்படின்னா நான் இப்படிச் சொல்லுவேன்:

"விடியக்காலம் வலைய வாங்குறீங்க. வலை கனக்குது, இழுத்துப் பாத்தா ஆவுளியா. உசுரு இருக்கு. அது மூணு நாலு நிமிஷத்துக்கு ஒருக்கா மேல வந்து மூக்க வெளிய நீட்டி மூச்சு வாங்குற பிராணி, வலை கீழயே பிடிச்சு வச்சிருந்தா மூச்சு முட்டி செத்துரும். அதனால மொதல்ல தலைய தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிங்க. ஒருத்தர் பிடிக்கட்டும், இன்னொருத்தர் வலைய அறுக்கட்டும். வால்ல கயிறு கட்டி இழுக்காதீங்க, இழுத்தா தலை தண்ணிக்குள்ள போயிரும்."

கவனிச்சுப் பாருங்க, இதுல உவமை ஒண்ணு கூட இல்ல. நெறைய பேரு படம்னா ஒடனே "தாய் மாதிரி, பொக்கிஷம் மாதிரி"ன்னு தேடுறாங்க, அது வேண்டாம். அங்க உண்மையிலேயே நடக்குறத நடக்குற வரிசையில சொன்னாப் போதும். வரிசை முக்கியம். தலைய தூக்குறதுதான் அவசரம்னா அதுதான் மொதல்ல வரணும். சட்டத்தோட பேரையும் சொல்லித்தான் ஆகணும், 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துல இது முதல் பட்டியல்ல இருக்குற பிராணி, அத மழுப்பக் கூடாது. ஆனா ஆவுளியாவ மனசுல பாத்ததுக்கு அப்புறம் சொல்லுங்க, பேரு போய் ஒட்டிக்க ஒரு எடம் இருக்கும். பிராணிக்கு அந்த ஊர்ல என்ன பேருன்னு பேசுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, நீங்க கடல் பசுன்னு சொல்லி அவங்க வேற எதையோ நெனச்சுக்கிட்டு இருக்கக் கூடாது.

அடுத்தது "குறைந்த இனப்பெருக்க விகிதம்"னு எழுதியிருக்கீங்க. ஆவுளியா ஒரு ஈத்துல ஒரு குட்டிதான் போடும், வயித்துல சுமக்குறதே ஒரு வருஷத்துக்கும் மேல, அடுத்த குட்டிக்கு மூணுல இருந்து ஏழு வருஷம் ஆகும். இத "இப்ப உங்க வீட்டுத் தொட்டில்ல கெடக்குற பிள்ள பால்வாடிக்கு நடந்து போற வயசு வரைக்கும் அந்தத் தாய்க்கு அடுத்த குட்டி இல்ல"ன்னு சொல்லுங்க. முன்னாடி உக்காந்திருக்குற பொம்பளைங்க யாரு வீட்டுப் பிள்ளைன்னு மனசுக்குள்ள பாத்துருவாங்க.

எண்ணும் இதே மாதிரித்தான். பாக் விரிகுடாவுல 2022ல அறிவிச்ச கடல் பசு பாதுகாப்பகம் 448 சதுர கிலோமீட்டர்னு வாசிக்கிறீங்க. 448 எவ்வளவு பெருசுன்னு எனக்கே கண்ணுல வரல. "தொண்டியத் தாண்டி வடக்க போனா அம்மாபட்டினம், அங்க இருந்து அதிராம்பட்டினம் வரைக்கும் உள்ள கடல்"னு சொன்னா வள்ளம் ஓட்டுறவருக்கு அங்கயே கோடு போட்டுத் தெரிஞ்சிரும். கூடவே "அப்ப எங்க கடல் அதுல வராதே"ன்னும் கேப்பாங்க. நல்ல கேள்விதான். அந்தப் பகுதி தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல், ஆனா ஆவுளியாவுக்கு சட்டப் பாதுகாப்பு எல்லாக் கடல்லயும் உண்டுன்னு பதில் தயாரா வச்சுக்கோங்க. ஆழம் சொல்றப்பவும் மீட்டர் வேண்டாம், கடலுக்குப் போறவங்க அளக்குற பாகக் கணக்குல சொல்லுங்க.

ஒரு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். படம் ரொம்ப பலமான சாமான், நீங்க நெனச்ச பக்கம்தான் போகும்னு சொல்ல முடியாது. "ஒரு நாளைக்கு 30, 40 கிலோ கடல் புல்லு தின்னும்"னு ஒரு வரி வச்சிருக்கீங்க பாருங்க, எண்ணு சரிதான், ஆனா கேக்குறவரு மனசுல புல்லு எல்லாம் காலியாகுற படம்தான் வரும். அந்தப் புல்லுக்குள்ளதான் குஞ்சு மீனும் எறாவும் நண்டும் ஒளிஞ்சு வளருதுன்னு நீங்களே அடுத்த வரியில சொல்றீங்க, அப்ப ஆவுளியா அவரு பொழப்புக்கு எதிரி ஆயிருச்சுல்ல? கிலோவ எடுத்துட்டு மேஞ்ச தடத்தச் சொல்லுங்க. வேரோட பிடுங்கித் தின்னுக்கிட்டே போறதால ஒரு சாண் அகலத்துக்கு மண்ணுல ஒரு கோடு விழும், ரெண்டு பக்கமும் புல்லு அப்படியே நிக்கும், அந்தக் கோட்டுலயும் திரும்ப தளிர் வரும். பாசி எடுக்க முங்குற பொம்பளைங்கள்ல யாராவது இந்தத் தடத்தப் பாத்திருக்கலாம், பாத்தவங்கள மைக்ல பேசச் சொல்லுங்க, அவங்க சொன்னா இன்னும் நல்லது.

ஒரு பேச்சுல இந்த மாதிரி படம் மூணுக்கு மேல வைக்காதீங்க, வலை, தொட்டில், தடம், அவ்வளவுதான். இன்னும் அடுக்குனா ஒண்ணு இன்னொண்ண அழிச்சிரும்.

எழுதி முடிச்சதும் கடலுக்குப் போற ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு தடவை சொல்லுங்க, பேப்பரக் காட்டாதீங்க. "புரிஞ்சுதா"ன்னு கேட்டா மரியாதைக்கு ஆமாம்பாரு. அதனால கொஞ்ச நேரம் வேற ஏதாவது பேசிட்டு, "அண்ணே, ஆவுளியா மாட்டுனா மொதல்ல என்ன செய்வீங்க"ன்னு கேளுங்க. "தலைய மேல தூக்கணும்"னு வந்தா வரி வேலை செஞ்சிருச்சு. "பாதுகாக்கணும்"னு வந்தா அவரு கண்ணுல ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம், அந்த எடத்த மாத்தி எழுதுங்க. "அறுத்த வலைக்கு யாரு காசு குடுப்பா"ன்னு திருப்பிக் கேட்டா சந்தோஷப்படுங்க, கத்தி கையில இருக்குற மாதிரி அவரு பாத்துட்டாரு. அதுக்கு உண்டான பதில மட்டும் வனத்துறை ஆபீஸ்ல மொதல்லயே விசாரிச்சுட்டுப் போங்க.