மூன்றாண்டுக் கணக்கும் குடும்ப நாவலும்

ரங்கூனுக்கு வேலைக்குப் போன கணவன், செட்டிநாட்டிலேயே இருந்த மனைவி: இந்த நீண்ட பிரிவைக் குடும்ப நாவலில் எப்படிக் காட்டுவது?

வட்டிக்கடை மேலாள் பெரும்பாலும் ‘கணக்கு’ எனப்பட்ட மூன்றாண்டுப் பணிக்காலத்துக்குத் தனியே கப்பலேறி, கடைப் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்த பிறகே ஊர் திரும்புவார். நாவலின் காலத்தை இந்தக் கணக்கைக் கொண்டே அளக்கலாம் என்பது என் எண்ணம்.

1929 தை மாதம் ஒருவர் புறப்படும்போது மனைவி சூல்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1932 தையில் அவர் வரும்போது, நன்றாகப் பேசத் தெரிந்த குழந்தை, ‘இது யார்?’ என்று தாயிடம் கேட்கும். ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் தங்கினால், 1941 இறுதிவரையிலான பதின்மூன்று ஆண்டுகளில் அவர் வீட்டில் இருந்தது ஒன்றரை ஆண்டுதான். அதற்குள் வயலும் திருமணச் சீரும் மாமியாரின் நோயும் அவளுடைய தீர்மானத்திற்குள் வந்துவிடுகின்றன. திரும்பியவர் தம் வீட்டிலேயே விருந்தாளியாகிறார். கண்ணீரைவிட இந்த அதிகார மாற்றமே எழுதத் தக்கது.

ரங்கூனில் கடையும் தங்குமிடமுமாக இருந்த மொகல் தெருக் கிட்டங்கியில், பெட்டகமும் பாயுமாகப் பல கடைக்காரர்கள் ஒரே கூடத்தில் வாழ்ந்ததால், மனைவியின் கடிதத்தைத் தனிமையில் படிக்கவும் அவருக்கு இடமில்லை.

நான்காவது கணக்கு முடிய ஏழு மாதம் இருக்கும்போது, 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது குண்டு விழுகிறது. அதன்பின் அவள் எண்ணுவதற்கு நாள் எதுவும் இல்லை.