கை மாறிய ப்ளவுஸுக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: தையல் பயிற்சி மையத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். 12 பேருக்கு இறுதித் தேர்வு. 36 மார்பளவுக்கு லைனிங் ப்ளவுஸ். எனக்கு ரொம்பப் பிடித்த மாணவி ஒருத்தி வைத்திருக்கும் பைப்பிங் கழுத்து கடைத் தையலையே தோற்கடிக்கிறது. ஆனால் இரண்டு கையையும் இடம் மாற்றித் தைத்துவிட்டாள். அட்டவணைப்படி போட்டால் அளவு 25-க்கு 23, வெட்டு 20-க்கு 18, தையல் 25-க்கு 18, பொருத்தம் 20-க்கு 10, முடிப்பு 10-க்கு 5, ஆக 74. இன்னொரு பெண்ணுக்கு 80. அவளுக்கு டாட் இரண்டும் ஏற்ற இறக்கம். மனசு கேட்கவில்லை. கழுத்துக்காகக் கொஞ்சம் கூட்டிப் போடலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். அதே சமயம் இந்த 74-ம் சரியாக விழுந்த மதிப்பெண்ணாகத் தெரியவில்லை. ஒரே குறைக்கு மூன்று இடத்தில் குறைத்திருக்கிறீர்கள்.

முதலில் கை உண்மையிலேயே மாறித்தான் இருக்கிறதா என்று டேப்பை வைத்துப் பாருங்கள். முன்பக்கக் கை ஓரத்தில் துணி மடிந்து நின்றாலே "கை மாறிடுச்சு" என்று சொல்லிவிடுவது வழக்கம். முன் கைக்குழியைப் போதுமான அளவு குடையாமல் வெட்டினாலும் அங்கே அதே மாதிரித்தான் துணி மடியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி இருக்கிறது. கையை மேசையில் தட்டையாக நீவி வையுங்கள். தோளுக்கும் அக்குளுக்கும் நடுவில் ஒரு புள்ளியை எடுத்து, கை இணைத்த தையலிலிருந்து கை விளிம்பு வரை முன்பக்கம் ஒரு முறையும் பின்பக்கம் ஒரு முறையும் அளந்து பாருங்கள். கையின் முன் வளைவைத்தான் அதிகமாகக் குடைந்து வெட்டுவோம் என்பதால், முன்பக்க அளவு பின்பக்கத்தைவிட ஏறக்குறைய அரை இஞ்ச் குறைவாக இருக்க வேண்டும். முன்பக்கம் கூடுதலாக வந்தால் கை மாறியிருக்கிறது. முன்பக்கம் குறைவாகவே வந்தும் மடிப்பு விழுந்தால், குற்றம் கைக்குழி வெட்டில் இருக்கிறது. அப்போது குறைக்க வேண்டிய இடம் 'தையல்' அல்ல, 'வெட்டு'.

மாறியது உறுதி என்றே வைத்துக்கொள்வோம். தையலில் ஐந்து இணைப்பு: தோள், பக்கம், டாட், கை, கழுத்து. தலைக்கு 5. கை இணைப்பைப் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பதால் அங்கே 0 போட்டால் தவறில்லை. கழுத்துக்கு முழுசாக 5 கொடுத்திருப்பீர்கள். அந்தக் கழுத்துக்கு அட்டவணையில் இருக்கும் இடம் அவ்வளவுதான். மிச்சத்தில் சின்னச் சின்னதாகக் குறைத்து 18 வந்திருந்தால் அதைத் தொட வேண்டாம்.

பொருத்தத்தில்தான் சிக்கல். அதையும் தோள், கைக்குழி, மார்பு, இடுப்பு என்று நான்காகப் பிரித்துத் தலைக்கு 5 வையுங்கள். ப்ளவுஸைப் போட்டவர் கையை முன்னால் நீட்டும்போது முதுகு இழுக்கும், முன்னால் அக்குள் பக்கம் துணி நிற்கும். இது அணிபவருக்கு உண்மையான தொல்லை, எனவே கைக்குழியில் 1 போடுவது நியாயம். ஆனால் கை மாறியதற்காக மார்பிலும் இடுப்பிலும் குறைக்க முடியாது. அந்த இரண்டும் தோளும் சரியாக இருந்தால் 16 வரும். உங்கள் 10-க்குக் காரணம், ப்ளவுஸை மொத்தமாகப் பார்த்து 'பொருந்தவில்லை' என்று பாதியைக் கொடுத்ததுதான்.

முடிப்பில் பார்க்க வேண்டியவை வேறு: ஹெம்மிங், பிசிறு, நூல் தொங்கல், கொக்கி மாட்டியதும் கீழ் விளிம்பு இரண்டும் சமமாக நிற்கிறதா, இஸ்திரி. கைக்கு இங்கே வேலையே இல்லை. இவை சுத்தமாக இருந்தால் 9 என்று வையுங்கள். ஆக 23, 18, 18, 16, 9. மொத்தம் 84.

84 என்றதும் சந்தோஷப்படாதீர்கள். பிடித்த பெண்ணின் தாளை மட்டும் இரண்டாம் முறை திருத்தினால், கழுத்துக்காகக் கூட்டுவதும் இதுவும் ஒன்றுதான். 80 வாங்கிய பெண்ணின் ப்ளவுஸையும் இதே மாதிரி எடுங்கள். டாட் ஏற்ற இறக்கத்துக்குத் தையலில் ஒரு முறை குறைக்கலாம், பொருத்தத்தில் மார்பு என்ற 5-க்குள் ஒரு முறை குறைக்கலாம். முடிப்பிலும் அதற்காகக் குறைத்திருந்தால் அது திரும்ப ஏற வேண்டும். அவளும் 84-ஐத் தாண்டலாம். மீதிப் பத்துப் பேருக்கும் அப்படியே. ஒரு குறைக்கு உச்சமாக இரண்டு இடம், காரணத்தில் ஒன்று, அணிபவர் படும் தொல்லையில் ஒன்று என்று அட்டவணையின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு, பழைய மதிப்பெண்ணைக் காகிதம் போட்டு மறைத்துக்கொண்டு உட்காருங்கள்.

உட்காரும் முறையும் முக்கியம். பெயரை மறைத்து எண் ஒட்டுவது நல்லதுதான், ஆனால் வாரக்கணக்கில் பார்த்த துணி உங்களுக்குத் தெரியாமல் போகாது. அதைவிட உதவுவது ப்ளவுஸை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது. அழகான கழுத்து முதலில் கண்ணில் பட்டால் பிறகு பார்க்கும் பக்கத் தையலும் நேராகத்தான் தெரியும். ஓர் ஆளை முழுசாக முடித்து அடுத்த ஆளுக்குப் போகாதீர்கள். 12 ப்ளவுஸிலும் தோளை மட்டும் பாருங்கள், பிறகு 12 பக்கத் தையல், பிறகு 12 கை. பருத்தித் துணியில் ஓர் இஞ்சுக்கு 10 முதல் 12 தையல் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டால் மனசுக்கு அங்கே வேலை கிடையாது. மார்பளவைச் சரிபார்க்கும்போது 36 என்ற உடல் அளவோடு ஒப்பிடாதீர்கள், லூஸ் சேர்த்து வரைபடத்தில் போட்ட அளவோடு ஒப்பிடுங்கள். இதைத் தவறவிட்டுத் தளர்ச்சி என்று குறைப்பவர்கள் நிறையப் பேர்.

பிடித்த பெண் என்பதாலேயே கூடுதல் கறாராக இருப்பதும் நடக்கிறது. உங்கள் முதல் 74 அப்படி வந்ததாகக்கூட இருக்கலாம்.

பைப்பிங் மாதிரிக் கடினமான வேலைக்குத் தனி மதிப்பெண் வேண்டும் என்று தோன்றினால் அடுத்த அணிக்கு வையுங்கள், துணி கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்திருந்தால் இந்த அணியில் மற்ற பதினோரு பேரில் யாராவது பைப்பிங் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

அவளிடம் மதிப்பெண்ணைச் சொல்லும்போது ப்ளவுஸையும் திருப்பிக் கொடுத்து, இரண்டு கையையும் பிரித்து மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பழைய தையல் கோட்டின் மேலேயே ஓட்ட வேண்டும், உள்ளே தள்ளினால் அளவு மாறிவிடும். திருத்தியதற்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு கையையும் துணியை மடித்து ஒன்றாக வெட்டுவதால் ஒன்றுக்கொன்று எதிராகத்தான் வரும். உள்புறம் வெளிப்புறம் தெரியாத துணியில் எது எந்தப் பக்கம் என்று யாருக்குமே குழம்பும். வெட்டியவுடன் கையின் முன் வளைவில் ஒரு சின்ன வெட்டு, பின் வளைவில் இரண்டு, உடல் பகுதியின் கைக்குழியிலும் அதே மாதிரி முன்னால் ஒன்று பின்னால் இரண்டு போட்டுவைக்கச் சொல்லுங்கள். ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு சேர்த்துக் குண்டூசி குத்திய பிறகே மெஷினில் ஏற்ற வேண்டும்.