மைக்ரோவேவில் சோறு சூடாக்க எத்தனை நிமிடம்? கேள்வி பதில்

கீழக்கரை அக்கா: மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த பாக்கெட்டில் 1000 வாட்டுக்கு 3 நிமிஷம்னு போட்டிருக்கு. நம்ம மைக்ரோவேவ் அவன் 700 வாட். எவ்வளவு வைக்கணும்?

1000ஐ 700ஆல் வகுத்து 3ஆல் பெருக்குங்கள் அக்கா, கிட்டத்தட்ட 4 நிமிடம் 17 வினாடி வரும். முதலில் 4 நிமிடம் வையுங்கள், கிளறிப் பார்த்து மிச்சத்தைக் கொடுங்கள்.

தொண்டி தம்பி: பின்னாடி 1200 வாட்னு ஒட்டியிருக்கு. உங்க கணக்குப்படி வச்சா சூடே ஆகலை.

அது அவன் இழுக்கிற கரண்ட், தம்பி. உணவுக்குப் போவது அதைவிடக் குறைவு, அதே ஸ்டிக்கரில் இன்னொரு சின்ன எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்களே அளக்கலாம். கண்ணாடிப் பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, முழு பவரில் சரியாக 2 நிமிடம் ஓடவிட்டு, கலக்கி மறுபடி பாருங்கள். ஏறிய டிகிரியை 35ஆல் பெருக்கினால் தோராயமாக வாட். 28லிருந்து 46 ஆனால் 18 டிகிரி, அதாவது 630 வாட். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, 42க்கு மேல் காட்டாது.

பெரியபட்டினம்: ஒரு தட்டு பிரியாணிக்கு 2 நிமிஷம்னா நாலு தட்டுக்கு 8 நிமிஷம், அவ்வளவுதானே?

பாதி சரி. சோறு கூடினால் நேரமும் கூடும், ஆனால் கொஞ்சமாக இருக்கும்போது அலையில் ஒரு பங்கு வீணாகிறது, நிறைய இருந்தால் அதிகம் பிடித்துக்கொள்ளும், அதனால் இரண்டு தட்டுக்கு 4 நிமிடம் வேண்டாம், மூன்று, மூன்றரை போதும். நான்கு தட்டு என்றால் சிக்கல் நேரத்தில் இல்லை, குவியலில்தான். அலை சோற்றுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நன்றாக இறங்கும், நடுவுக்கு ஓரத்துச் சூடு மெல்லப் பரவித்தான் போகணும். எங்கள் வீட்டில் ஒரு கிலோ பிரியாணியை ஆழமான கிண்ணத்தில் வைத்து 7 நிமிடம் ஓட்டினோம். ஓரத்துச் சோறு காய்ந்து விறைத்துவிட்டது, நடுவில் கரண்டியை விட்டால் ஃப்ரிட்ஜில் இருந்த ஜில் அப்படியே இருந்தது. அப்புறம் இரண்டாகப் பிரித்து, அகலத் தட்டில் நடுவைக் காலியாக விட்டு வளையமாகப் பரப்பி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி, பாதியில் ஒருமுறை கிளறினோம். ஒவ்வொன்றுக்கும் மூன்றரை நிமிடம், பிறகு மூடியபடியே 2 நிமிடம். நடுவிலும் ஆவி வந்தது.

பாம்பன்: எனக்குக் கணவாய்த் தொக்குதான் பிரச்சினை, வெடிச்சுக் கதவெல்லாம் தெறிக்குது.

பவரைப் பாதியாக்கி நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குங்கள். சாதாரண அவன்கள் பாதி பவரில் விட்டுவிட்டுத்தான் ஓடும், அந்த இடைவெளியில் சூடு பரவும். மூடியை லேசாகத் திறந்து வையுங்கள்.

தொண்டி தம்பி: அளந்தேன். காலையில் 20 டிகிரி ஏறுது, ராத்திரி 15தான். அவன் கெட்டுப்போச்சா?

700க்கும் 525க்கும் உள்ள வித்தியாசம் அது. ராத்திரி லோ வோல்டேஜாக இருக்கலாம், பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அவன் அதற்குச் சட்டென்று தளர்ந்துவிடும். ராத்திரி அளந்தபோது அதற்கு முன்னால் எதையாவது சூடாக்கியிருந்தீர்களா? தொடர்ந்து ஓடினாலும் பவர் குறையும். இன்று ராத்திரி அவன் ஆறியிருக்கும்போது ஒருமுறை அளந்து சொல்லுங்கள்.