பிளவுஸ் ஆர்டர் ஃபார்ம்: எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை

கேள்வி: மன்னார்குடியில் என் அக்கா லேடீஸ் தையல் கடை வைத்திருக்கிறாள். வாட்சாப்பில் அளவு அனுப்பி பிளவுஸ் தைக்கச் சொல்பவர்கள் கூடிவிட்டார்கள். ஒரு கூகுள் ஃபார்ம் செய்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அளவு, துணி, டிரையல் தேதி எல்லாம் எப்படிக் கேட்பது?

கும்பகோணத்தில் பிளவுஸ் கடை நடத்துகிறேன். எங்கள் ஃபார்மில் அளவுக்கு முன்னால் வரும் கேள்வி இதுதான்: "உடம்பில் எடுத்த அளவா, நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸில் எடுத்ததா?" இதற்கு டிக் போட்ட பிறகுதான் மற்ற கட்டங்கள் திறக்கும்.

காரணம் இருக்கிறது. நாங்கள் உடம்பு அளவுக்கு மேல் ஒரு இஞ்ச் லூஸ் வைத்து வெட்டுவோம் (கடைக்குக் கடை இது மாறும், உங்கள் அக்காவிடம் கேளுங்கள்). ஒருவருக்கு உடம்பில் மார்புச் சுற்றளவு 36 என்றால் தைத்த பிளவுஸ் 37 இருக்கும். அவர் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பிளவுஸை அளந்து 37 என்று அனுப்புகிறார். அதை உடம்பு அளவென்று நினைத்தால் 38-க்கு வெட்டுவோம், கைக்குழியில் துணி தொங்கும். இரண்டுமே நியாயமான எண்தான், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அளவு பிளவுஸை ஹூக் போட்டு, தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளப்பவர்கள் 18½ என்று எழுதிவிடுவதும் உண்டு. அதைப் பிடிப்பது சுலபம். கூகுள் ஃபார்மில் எண்ணுக்கு எல்லை வைக்கலாம். 26-க்குக் கீழே போட்டால் "விரித்து அளந்ததை இருமடங்காக்கி எழுதுங்கள்" என்று காட்டும்படி செய்யுங்கள். மேலேயும் ஓர் எல்லை வைத்து, அதே செய்தியில் "இஞ்சில் எழுதுங்கள்" என்றும் சேர்த்தால் சென்டிமீட்டரில் எழுதுபவர்களையும் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அடுத்த தலைவலி பின்கழுத்து இறக்கம். தோளும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து அளப்பதுதான் டெய்லர் கணக்கு. வீட்டில் அளப்பவர்களோ பிடரி எலும்பிலிருந்து டேப்பைத் தொங்கவிடுவார்கள். அப்படி அளந்தால் ஏறக்குறைய முக்கால் இஞ்ச் குறைவாக வரும், கழுத்து அவர்கள் கேட்டதைவிட மேலே ஏறி நிற்கும். பத்து வரி விளக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அக்கா ஒரு பிளவுஸை ஹேங்கரில் மாட்டி, டேப் தொடங்கும் இடத்தில் சிவப்புப் பொட்டு வைத்து எடுத்த போட்டோ ஒன்றைக் கட்டத்துக்கு மேலே போடுங்கள். மார்பளவுக்கு மட்டும் ஒரு வரி போதும்: அந்தப் பிளவுஸுக்குள் போடப்போகும் உள்ளாடையையே போட்டுக்கொண்டு, முதுகில் டேப் கீழே இறங்காமல் இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

துணிப் பக்கம் சுருக்கமாக இருக்கட்டும். புடவையோடு வந்த துணியா, தனியாக வாங்கியதா, எத்தனை செ.மீ., கைக்குப் பார்டர் வேண்டுமா. 80 செ.மீ. துணியில் எல்லா உடம்புக்கும் முழங்கை வரை கை வராது என்பதால் நீளத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். லைனிங் அவர்கள் தருவதாக இருந்தால் தண்ணீரில் நனைத்துக் காயவைத்ததா என்பதும் வேண்டும். நனைக்காத காட்டன் லைனிங் முதல் துவைப்பில் சுருங்கி, மேல்துணியைச் சுருட்டி இழுக்கும். திருபுவனம் பட்டு மாதிரித் துணி என்றால் கூடுதலாக ஒரு டிக்: "பிரித்துத் தைத்தால் ஊசித் தடம் தெரியும் என்பது தெரியும்."

பட்டில் டிரையல் முக்கியமாவது இதனால்தான். ஆரி வேலை சேர்ந்தால் இன்னும் சிக்கல். ஆரி போடும்போது துணியை வெட்டாமல் ஃபிரேமில் இழுத்துக் கட்டி, கழுத்தும் கையும் வரைந்து, அந்தக் கோட்டின் மேல்தான் வேலை செய்வார்கள். முடிந்தபின் கழுத்தை அரை இஞ்ச் இறக்கச் சொன்னால் வேலைப்பாட்டையே வெட்ட வேண்டும். எனவே ஆரி என்று டிக் போட்டவருக்கு இரண்டு டிரையல் தேதி வர வேண்டும். முதலாவது, சாதா லைனிங் துணியில் தைத்த மாதிரி பிளவுஸுக்கு.

தேதியை வாடிக்கையாளரிடம் கேட்காதீர்கள். முகூர்த்தத் தேதியை மட்டும் வாங்கிப் பின்னோக்கி எண்ணுங்கள். முகூர்த்தம் ஆவணி 19 என்றால் எங்கள் கடையில் கடைசி டிரையல் ஆவணி 9. தைக்க மூன்று நாள், ஆக ஆவணி 6-ல் துணி கைக்கு வர வேண்டும். ஆரிக்குப் பத்துப் பதினோரு நாள் விட்டால் ஆடி 26 வாக்கில் ஃபிரேமில் ஏற வேண்டும். ஆகவே மாதிரி டிரையல் ஆடிப் பெருக்கு முடிந்து நாலைந்து நாளில். ஆடியில் கல்யாணம் கிடையாது, கடையும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும், அந்த நாட்களை இதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். ஆவணி பிறந்ததும், ஆரி என்று டிக் போட்டால் "நேரில் பேசவும்" என்று காட்டும்படி ஃபார்மை மாற்றிவிடுங்கள். வெளியூர்க்காரர் மாதிரி டிரையலுக்கு வர முடியாதென்றால், பழைய பிளவுஸை கூரியரில் அனுப்பச் சொல்லி அதை வைத்தே தைத்துக் கொடுக்கலாம், ஆரி மட்டும் வேண்டாம்.