“லேசாகத் தட்டியது” என்று லாக் புக்கில் எழுதலாமா?

கேள்வி: சார், நான் பல்க் கேரியர் ஒன்றில் தேர்ட் ஆபீசர். பெர்த்தில் கட்டும்போது கப்பலின் முன்பக்கம் ஃபெண்டரில் இடித்து, ஷெல் பிளேட்டில் பள்ளம் விழுந்துவிட்டது. ஃபெண்டரும் கொஞ்சம் சேதம். பிரிட்ஜில் பெல் புக் எழுதியது நான்தான். “லேசாகத் தட்டியது என்று லாக் புக்கில் போடு” என்கிறார் கேப்டன். பைலட் வேகமாகக் கொண்டுவந்தார் என்பதே என் எண்ணம். எதை எழுதுவது, எதை விடுவது?

பதில்: “லேசாக” என்பதை விட்டுவிடுங்கள், “வேகமாக” என்பதையும் விட்டுவிடுங்கள். இரண்டுமே உங்கள் தீர்ப்பு. நாளை துறைமுகத்தின் சர்வேயர் ஃபெண்டருக்குப் பெரிய தொகை கேட்டு வந்தால், “லேசாக” என்று எழுதிய புத்தகத்துக்குப் பக்கத்தில் பள்ளத்தின் புகைப்படத்தை வைப்பார். அதோடு புத்தகத்தில் உள்ள மற்ற வரிகளும் சந்தேகத்துக்கு ஆளாகும். கேப்டனிடம் மறுத்துப் பேச வேண்டியதில்லை. “சார், நேரத்தையும் இடத்தையும் அளவையும் மட்டும் போட்டுவிடலாமா?” என்று கேளுங்கள். அனுபவமுள்ள கேப்டன் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். கடைசியில் லாக் புக்கில் கையெழுத்திடுவது அவர்தானே.

முதல் வேலை எழுதுவது அல்ல, பிரிட்ஜ் பேச்சையும் கருவிகள் காட்டுவதையும் பதியும் விடிஆர் கருவியின் பதிவைக் காப்பாற்றுவது. 2014 ஜூலைக்கு முன் பொருத்திய பழைய கருவிகள் பலவற்றில் 12 மணி நேரப் பதிவுதான் இருக்கும், அதன் மேலேயே புதியது பதிவாகிவிடும். காலை 0614-க்கு இடித்திருந்தால் மாலை 1814-க்குள் சேமித்தாக வேண்டும். புதிய கருவியில் அவகாசம் அதிகம் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். கேப்டனிடம் சொல்லி, சேமிக்கும் பட்டனை அழுத்தி, அழுத்திய நேரத்தை லாக் புக்கில் எழுதுங்கள். பிரிட்ஜில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அந்தப் பதிவில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை எழுதுங்கள்.

அடுத்தது வேகம். பலரும் சறுக்குவது இங்கேதான். ஜிபிஎஸ் திரையில் 0.1 நாட் என்று பார்த்துவிட்டு, “0.1 நாட் வேகத்தில் தொட்டது” என்று எழுதிவிடுகிறார்கள். பல்க் கேரியரில் பிரிட்ஜ் பின்பக்கம் இருக்கிறது, ஆன்டெனா அதன் கூரையில் இருக்கிறது. திரை காட்டுவது அந்த இடத்தின் வேகத்தை. உங்கள் கப்பல் 190 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், இடித்த இடம் ஆன்டெனாவிலிருந்து சுமார் 150 மீட்டர் முன்னால் இருக்கும். கப்பல் நிமிடத்துக்கு 3 டிகிரி திரும்பிக்கொண்டிருந்தால், அந்தத் திருப்பத்தால் மட்டுமே முன்பக்கம் நொடிக்கு 13 சென்டிமீட்டர் வேகத்தில் பெர்த்தை நோக்கிப் போகும். திரை காட்டும் 0.1 நாட் என்பது நொடிக்கு 5 சென்டிமீட்டர்தான். கப்பல் பெர்த்தை நோக்கி மொத்தமாக நகர்ந்துகொண்டிருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். மோதல் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் ஃபெண்டர் தாங்க வேண்டியது நான்கு மடங்கு. அதனால் வேகத்தை எழுதும்போது எந்தக் கருவி காட்டியது என்பதையும், திரும்பும் வேகத்தையும் சேர்த்தே எழுதுங்கள். முன்பக்கப் பக்கவாட்டு வேகத்தைக் காட்டும் டாப்ளர் லாக் இருந்தால் அந்த எண்ணையும் போடுங்கள்.

லாக் புக் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதில் வரவேண்டிய விஷயத்தை, ஸ்டார்போர்ட் பக்கம் கட்டிய ஒரு கப்பலை வைத்துக் காட்டுகிறேன்:

“0611: பெர்த்துக்கு இணையாக, இடைவெளி சுமார் 20 மீட்டர். காற்று வடகிழக்கு 12 நாட், அனிமாமீட்டர்படி. பைலட் சொன்னபடி போர்ட் பக்க முன் டக் படகு தள்ளத் தொடங்கியது. 0612: முன் டக் நிறுத்தப் பைலட் உத்தரவு. 0613: முன் டக் இழுக்கப் பைலட் உத்தரவு. 0614: ஸ்டார்போர்ட் முன்தோள், 17-ஆம் பொல்லார்டுக்கு நேரே உள்ள ஃபெண்டரில் பட்டதாக சீஃப் ஆபீசர் வாக்கி டாக்கியில் தெரிவித்தார். அப்போது ஜிபிஎஸ் வேகம் 0.1 நாட், திரும்பும் வேகம் நிமிடத்துக்கு 3 டிகிரி ஸ்டார்போர்ட். காயம் யாருக்கும் இல்லை, எண்ணெய்க் கசிவு காணப்படவில்லை.”

இதில் பைலட்டைக் குறை சொல்லும் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் தள்ளச் சொன்னதற்கும் இழுக்கச் சொன்னதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்பதை யாரும் படித்துவிடலாம். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை: உங்கள் எண்ணத்தை எழுதாமல், அந்த எண்ணத்தை உண்டாக்கிய உத்தரவுகளை நேரத்தோடு எழுதுங்கள். பைலட் இருந்தாலும் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டன்தான், ஆகவே கேப்டன் குறுக்கிட்டு ஏதாவது சொல்லியிருந்தால் அதுவும் நேரத்தோடு வரவேண்டும். “சீஃப் ஆபீசர் தெரிவித்தார்” என்பதையும் கவனியுங்கள். பிரிட்ஜிலிருந்து உங்களுக்கு ஃபெண்டர் தெரிந்திருக்காது, பார்க்காததைப் பார்த்தது போல எழுதக் கூடாது.

பெல் புக்கை எந்தக் காரணத்துக்காகவும் “சுத்தமாக” மறுபடி எழுதாதீர்கள். கிறுக்கலாக இருந்தாலும் மூலப் பதிவு அதுதான். தவறு இருந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, சுருக்கக் கையெழுத்து போடுங்கள். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தால், எழுதிய நேரத்தையும் போட்டு, தாமதப் பதிவு என்று குறியுங்கள். இன்னொன்று, பிரிட்ஜ் கடிகாரம், இன்ஜின் உத்தரவுகளைப் பதியும் கருவி, விடிஆர் மூன்றும் ஒரே நேரம் காட்டுவது அபூர்வம். ஒரு நிமிட வித்தியாசம் இருந்தால் நேரங்களைத் திருத்திப் பொருத்தாமல், வித்தியாசத்தையே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

சரி, பள்ளத்துக்கு வருவோம். “சிறிய பள்ளம்” என்பது போதாது. ஃபிரேம் எண், நீர்மட்டத்திலிருந்து உயரம், நீளம், அகலம், ஆழம் எல்லாம் வேண்டும்: உதாரணமாக 1.2 மீட்டர் நீளம், 0.6 மீட்டர் அகலம், அதிகபட்ச ஆழம் 40 மில்லிமீட்டர். அந்த இடத்துக்குப் பின்னால் பாலாஸ்ட் டேங்க் இருந்தால் உள்ளே நீர் எவ்வளவு என்று உடனே சவுண்டிங் எடுத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் பதியுங்கள். உள்ளே ஃபிரேம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆனால் மூடிய இடத்துக்குள் நுழையும் அனுமதி நடைமுறை முடிந்த பிறகுதான்.

புகைப்படம் அன்றே எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வைத்து. ஃபெண்டரில் போல்ட் உடைந்திருந்தால் உடைந்த முகத்தை நெருக்கமாக எடுங்கள். புதிதாக உடைந்த இரும்பு பளபளக்கும், பழைய உடைசலில் துரு ஏறியிருக்கும். ஒரு மழை பெய்தால் இந்த வித்தியாசம் போய்விடும். பக்கத்து ஃபெண்டர்களையும் எடுங்கள். அவையும் உடைந்து தொங்கினால், பழைய சேதத்தை உங்கள் கப்பல் தலையில் கட்டுவது கடினமாகும்.

கம்பெனிக்குப் போகும் அறிக்கையில் மேலே சொன்ன உண்மைகளே வரும். ஏன் நடந்தது என்ற உங்கள் கருத்தை அதில் கலக்காதீர்கள். கம்பெனியோ, கப்பலின் பொறுப்புக் காப்பீட்டைத் தரும் பி அண்ட் ஐ கிளப்பின் வழக்கறிஞரோ கேட்டால் தனியாகக் கொடுங்கள். கிளப்பின் உள்ளூர் பிரதிநிதிக்கும், பள்ளத்தைப் பார்க்க கிளாஸ் சர்வேயருக்கும் கேப்டன் தகவல் சொல்வார்.

துறைமுகத்திலிருந்து “சேதத்துக்குக் கப்பலே பொறுப்பு” என்ற கடிதம் பெரும்பாலும் அன்றே வந்துவிடும். அதில் கையெழுத்திட வேண்டியது கேப்டன், “பெற்றுக்கொண்டேன், பொறுப்பை ஏற்கவில்லை” என்ற குறிப்போடு. உங்களிடம் நீட்டினால் வாங்காமல் கேப்டன் கேபினைக் காட்டுங்கள். கேங்வேயில் நின்று பேச்சுக் கொடுக்கும் வெளிச் சர்வேயருக்கும் அதே பதில்தான். அவர் எந்தத் தரப்புக்காக வந்திருக்கிறார் என்று கேட்டு, கேப்டனுக்குத் தெரிவித்த பிறகே கப்பலுக்குள் விடுங்கள்.